வரகு கேட்டால் கேழ்வரகு: சமையல் பொருளின் பெயரைத் தேடும் எக்செல் சூத்திரம் எங்கே தவறுகிறது?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு விடுதிக்கோ சத்துணவு மையத்துக்கோ வாராந்திர உணவுப் பட்டியல் போடுகிறவர் இன்று கணக்கை எக்செல்லில்தான் போடுகிறார். முதல் காலத்தில் பொருளின் பெயர், அடுத்ததில் அளவு, மூன்றாவதில் டம்ளர், கரண்டி, கிலோ என்று அலகு. மற்றதைச் சூத்திரம் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயரை உணவு அட்டவணையில் தேடி, அளவைக் கிராமாக்கி, இவ்வளவு கலோரி, இவ்வளவு புரதம், இவ்வளவு கால்சியம் என்று அது சொல்ல வேண்டும்.

இதைச் செய்வதற்குப் பல வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எங்கே பிழைபடுகிறது, அந்தப் பிழை கண்ணில் படுமா, படாமல் ஒளிந்துகொள்ளுமா என்பதை இந்தக் கட்டுரை பார்க்கிறது. சூத்திரம் விடை தராமல் நின்றுவிட்டால் பெரிய சேதமில்லை, சரிசெய்துகொள்ளலாம். தவறான விடையைச் சரியான விடைபோலக் கொடுத்துவிடுவதுதான் ஆபத்து.

அட்டவணை என்ன சொல்கிறது

தேடுவதற்கு முன் எதில் தேடுகிறோம் என்று தெரிய வேண்டும். இந்திய உணவுகளின் சத்துப் பட்டியல் தமிழ்நாட்டில் பிறந்தது. குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலிருந்து அய்க்ராய்ட் என்ற ஆய்வாளர் 1937-இல் வெளியிட்ட சிறு நூலே அதன் தொடக்கம். அந்த ஆய்வுக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. இன்று நாம் எடுத்தாள வேண்டியது அந்த நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணை. அதில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு உண்டு: கேழ்வரகு A010, வரகு A017, துவரம் பருப்பு B021.

இந்த அட்டவணையில் மூன்று விஷயங்களைக் கவனிக்காமல் சூத்திரம் எழுதினால் தொடக்கமே கோணலாகிவிடும். முதலாவது, எண்கள் எல்லாம் உண்ணத்தக்க பகுதியின் 100 கிராமுக்கானவை. தோலோடு நிறுத்த சின்ன வெங்காயத்தின் எடையை அப்படியே போடக்கூடாது. இரண்டாவது, தானியம், பருப்பு போன்றவை சமைக்காத நிலையில் அளக்கப்பட்டவை. 100 கிராம் அரிசி வெந்தால் இரண்டரை, மூன்று மடங்கு எடைச் சோறாகும். ‘சாதம் 300 கிராம்’ என்று எழுதியதை அரிசியோடு இணைத்துவிட்டால் கலோரி மூன்று மடங்காக ஏறிவிடும்.

மூன்றாவது, இந்த அட்டவணையில் ஆற்றல் கிலோகலோரியில் இல்லை, கிலோஜூலில் இருக்கிறது. புழுங்கல் அரிசி 100 கிராமுக்குச் சுமார் 1470 என்று போட்டிருக்கும். அதை 4.184-ஆல் வகுத்தால் 351 கிலோகலோரி. மதிய உணவுத் திட்டத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கான வரையறை 450 கிலோகலோரி, 12 கிராம் புரதம். அந்த வரையறைப்படி 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 5 கிராம் எண்ணெய் போட்டாலே ஏறக்குறைய 460 வந்துவிடும். வகுக்க மறந்தவருக்கோ அரிசி ஒன்றே வரையறையை மூன்று மடங்கு தாண்டிவிட்டதாகத் தெரியும். நல்லவேளையாக இது உடனே கண்ணில் படும் பிழை.

பெயரைத் தேடும் நான்கு வழிகள்

பலரும் முதலில் கற்றுக்கொள்வது VLOOKUP. அதன் நான்காவது இடத்தில் FALSE என்று எழுதினால் அச்சு அசலாக அதே பெயரைத் தேடும். அந்த இடத்தையே எழுதாமல் விட்டால் ‘ஏறக்குறைய’ என்று எடுத்துக்கொண்டு, பட்டியல் அகர வரிசையில் இருப்பதாக நம்பிப் பாதியாகப் பிரித்துப் பிரித்துத் தேடும். நம் அட்டவணையோ குறியீட்டு வரிசையில் இருக்கிறது. அதனால் துவரம் பருப்புக்கு வேறு ஏதோ ஒரு பொருளின் எண் வந்து உட்காரும். பிழைச் செய்தி எதுவும் வராது. அகர வரிசைப்படி அடுக்கினாலும் பிரச்சினை தீராது. பட்டியலில் இல்லாத பெயரைத் தட்டினால் அதற்கு முந்தைய பெயரின் எண்ணைக் கொடுத்துவிடும். சமையல் பொருளுக்கு இந்த வழி எந்த நிலையிலும் ஆகாது.

இரண்டாவது வழி FALSE போட்டு அச்சு அசலாகத் தேடுவது. புதிய எக்செல்லில் உள்ள XLOOKUP தானாகவே இப்படித்தான் தேடும். பழைய எக்செல்லில் INDEX, MATCH இரண்டையும் சேர்த்தும் எழுதலாம். இது நேர்மையான வழி. பெயர் கிடைக்காவிட்டால் #N/A என்று சொல்லிவிடும். ஆனால் மனிதர்கள் ‘கேப்பை’, ‘ராகி’, ‘கேழ்வரகு மாவு’ என்று பலவிதமாகத் தட்டுவதால் ஷீட் முழுக்க #N/A நிறைந்துவிடும். அலுத்துப்போய் மூன்றாவது வழிக்குப் போகிறார்கள்.

அந்த வழி பெயரின் முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டு, பெயரின் ஒரு பகுதி ஒத்துப்போனாலே போதும் என்று தேடுவது. “*வரகு*” என்று தேடிப் பாருங்கள். கேழ்வரகு என்ற சொல்லுக்குள்ளும் வரகு இருக்கிறது. அட்டவணையில் A010 முதலில் வரும், A017 பிறகுதான் வரும். சூத்திரம் முதலில் கண்டதை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். வரகு கேட்டவருக்குக் கேழ்வரகின் எண்கள் வரும்.

நான்காவது, எழுத்து ஒற்றுமையை மதிப்பெண் போட்டுப் பார்ப்பது. எக்செல்லோடு வரும் பவர் குவெரியில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது. ஒற்றுமை 0.80-க்கு மேல் இருந்தால் இரண்டும் ஒன்று என்று அது இயல்பாகக் கொள்ளும். தட்டச்சுப் பிழைகளைப் பிடிக்க இது உதவும். ஆனால் எழுத்தில் நெருக்கமாக இருப்பது பொருளிலும் நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவரையும் துவரையும் ஓரெழுத்தில் வேறுபடும் இரண்டு பயறுகள். கேழ்வரகும் கேப்பையும் எழுத்தில் பாதிகூட ஒத்துப்போகாத ஒரே தானியம். வரம்பைத் தளர்த்தினால் முதல் ஜோடி ஒன்றாகிவிடும். இறுக்கினாலோ இரண்டாம் ஜோடி சேராது. எந்த வரம்பு வைத்தாலும் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய முடியாது.

ஒரு பொங்கலின் கணக்கு

வரகும் கேழ்வரகும் மாறிப்போனால் என்ன ஆகும் என்பதை ஒரு பானை வரகரிசிப் பொங்கலில் பார்ப்போம். வரகரிசி 2 டம்ளர், பாசிப்பருப்பு அரை டம்ளர், நெய் 2 மேசைக்கரண்டி. நம் டம்ளரில் தலை தட்டி அளந்த வரகரிசி 165 கிராமும், பருப்பு 170 கிராமும் நிற்பதாக வைத்துக்கொள்வோம். நெய் ஒரு கரண்டிக்கு 14 கிராம். ஆக 330 கிராம் வரகு, 85 கிராம் பருப்பு, 28 கிராம் நெய்.

அட்டவணைப்படி 100 கிராம் வரகில் 1388 கிலோஜூல், 8.9 கிராம் புரதம், 15 மில்லிகிராம் கால்சியம். பாசிப்பருப்பில் 1363 கிலோஜூல், 23.9 கிராம் புரதம், 43 மில்லிகிராம் கால்சியம். நெய்யிலிருந்து சுமார் 250 கிலோகலோரி வரும். எல்லாவற்றையும் கூட்டினால் பானைக்கு ஏறக்குறைய 1620 கிலோகலோரி, 50 கிராம் புரதம், 87 மில்லிகிராம் கால்சியம்.

இப்போது சூத்திரம் வரகுக்குப் பதிலாகக் கேழ்வரகை எடுத்துவிட்டது என்று கொள்வோம். கேழ்வரகில் 1342 கிலோஜூல், 7.2 கிராம் புரதம், 364 மில்லிகிராம் கால்சியம். பானையின் ஆற்றல் 1590 கிலோகலோரிக்குச் சற்றுக் குறைவாக வரும். புரதம் 44 கிராம். இரண்டுமே நம்பும்படியான எண்கள்தாம். ஆற்றலில் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டு. யாரும் புருவம் உயர்த்தமாட்டார்கள். ஆனால் கால்சியம் 87-லிருந்து 1240-ஐ ஒட்டிப் போய்விடும். ஐந்து பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 17 மில்லிகிராம் என்பது 248 என்று எழுதப்படும். பால் குறைவாகக் குடிக்கும் பிள்ளைகளுக்குக் கால்சியம் போதுமான அளவு கிடைக்கிறது என்று அந்தப் பட்டியல் சான்று கொடுத்துவிடும்.

கலோரி சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஷீட்டை ஏற்றுக்கொள்ளும் வழக்கம் இதனால்தான் போதாது. தானியங்கள் எல்லாமே ஆற்றலில் ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்பவை. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் அதைக் கலோரி காட்டிக்கொடுக்காது. கால்சியம், இரும்பு போன்ற தாதுக்கள்தான் காட்டிக்கொடுக்கும்.

அறிவைச் சூத்திரத்தில் வைக்காமல் பட்டியலில் வைப்பது

நீண்டகாலம் நிற்கும் தீர்வு, பெயரை நேராகச் சத்து அட்டவணையில் தேடாமல் இடையில் ஒரு பெயர்ப் பட்டியலை வைப்பது. அதில் இரண்டே காலங்கள். இடப்பக்கம் மக்கள் தட்டக்கூடிய ஒவ்வொரு பெயரும், வலப்பக்கம் அதற்கான குறியீடும் இருக்கும். கேழ்வரகு, கேப்பை, ராகி மூன்றுக்கும் A010. வரகு, வரகரிசி இரண்டுக்கும் A017. சத்து அட்டவணையில் தேடுவது எப்போதும் குறியீட்டை வைத்துத்தான். பவர் குவெரியின் ஒற்றுமைத் தேடலிலும் இப்படியொரு மாற்றுப்பெயர்ப் பட்டியலைக் கொடுக்க இடம் வைத்திருக்கிறார்கள். எழுத்து ஒற்றுமை மட்டும் போதாது என்பதை அதை உருவாக்கியவர்களே உணர்ந்திருக்கிறார்கள்.

ஒரே பெயர் இரண்டு பொருளைக் குறிக்கும் இடங்களில்தான் இந்தப் பட்டியலின் பயன் முழுதாகத் தெரியும். பெரம்பலூர் மக்காச்சோளம் விளையும் மாவட்டம். இங்கே ஒருவர் ‘சோளம்’ என்று தட்டினால் அது A005 வெள்ளைச்சோளமா, A006 மக்காச்சோளமா? ‘வெங்காயம்’ என்றால் செட்டிகுளம் பக்கத்தில் விளையும் சின்ன வெங்காயமா, வெளியூரிலிருந்து வரும் பெரிய வெங்காயமா? அட்டவணையில் இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. இத்தகைய பெயரைப் பெயர்ப் பட்டியலில் வேண்டுமென்றே இரண்டு முறை, இரண்டு குறியீடுகளோடு எழுதிவிட வேண்டும். சூத்திரம் அதை எண்ணிப் பார்த்து, ஒன்றுக்கு மேல் இருந்தால் தானே முடிவெடுக்காமல் திருப்பிக் கேட்கும். F2-இல் சுத்தம் செய்த பெயர் இருப்பதாகக் கொண்டால்:

```
=IF(COUNTIF('பெயர்'!A:A,F2)>1,"எது?",
 IFERROR(INDEX('பெயர்'!B:B,MATCH(F2,'பெயர்'!A:A,0)),"இல்லை"))
```

‘எது?’ என்று வந்தால் தட்டியவர் பெயரை விரித்து எழுதுவார். ‘இல்லை’ என்று வந்தால் பட்டியலைப் பராமரிப்பவர் ஒரு வரி சேர்ப்பார். சில வாரங்களில் அந்த வட்டாரத்துப் பேச்சு முழுவதும் பட்டியலுக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகு ‘இல்லை’ என்பது அபூர்வமாகத்தான் வரும்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

பெயரைச் சுத்தம் செய்வது என்றால் என்ன? பி.டி.எஃப்பிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ வெட்டி ஒட்டிய பெயரோடு சில நேரம் கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒட்டிக்கொண்டு வரும். பிரியா இடைவெளி என்ற குறி சாதாரண இடைவெளிபோலவே தெரியும், ஆனால் TRIM அதை நீக்காது. அகலமே இல்லாத இணைப்பு முறிப்பான் என்று இன்னொன்று உண்டு.

```
=TRIM(SUBSTITUTE(SUBSTITUTE(A2,
 UNICHAR(160)," "),UNICHAR(8204),""))
```

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. ‘கொள்ளு’ என்பதில் உள்ள கொகரத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறிமுறைப் புள்ளியாக வைக்கலாம். கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எந்த வடிவம் இருக்கிறது என்று அறிய LEN போதும். கொள்ளு என்ற செல்லின் நீளம் 6 என்று வந்தால் ஒற்றைக் குறி, 7 என்று வந்தால் பிரிந்த குறி. பிரிந்ததைச் சேர்க்க மேலே உள்ள சூத்திரத்தைச் சுற்றி இன்னொரு SUBSTITUTE போதும். UNICHAR(3014)&UNICHAR(3006) வரும் இடத்தில் UNICHAR(3018) வைக்க வேண்டும். ஓகாரத்துக்கு 3015, 3006 இரண்டையும் 3019 ஆக்க வேண்டும். பெயர்ப் பட்டியலின் இடப்பக்கத்தையும் இதே சல்லடையில் போட்டு எடுக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு பக்கமும் பொருந்தாது.

ஔகாரத்தில் மட்டும் இப்படிக் கை வைக்கக்கூடாது. கருப்பு கவுனி அரிசியைக் கௌனி என்றும், கொம்பும் ளகரமும் சேர்த்துக் ‘கெளனி’ என்றும் தட்டுகிறார்கள். கொம்பு, ளகரம் வந்தாலே ஔகாரமாக்கு என்று விதி எழுதினால் குளத்து மீனான கெளுத்தி உருக்குலைந்துபோகும். அங்கே கொம்பும் ளகரமும் தத்தம் எழுத்துகளாகவே நிற்கின்றன. இதற்கு விதி வேண்டாம். பெயர்ப் பட்டியலில் கவுனி, கௌனி, கெளனி என்று மூன்று வரி எழுதினால் முடிந்தது.

டம்ளரிலிருந்து கிராமுக்கு

அலகு மாற்றத்துக்கு எக்செல்லில் CONVERT என்று ஒரு செயல்பாடு இருக்கிறது. சமையலுக்கு அது பெரிதாக உதவாது. அதற்குத் தெரிந்த கப் அமெரிக்கக் கப், சுமார் 237 மில்லிலிட்டர். நம் வீட்டு டம்ளரும் படியும் அதற்குத் தெரியாது. அதைவிட, கொள்ளளவை எடையாக மாற்றச் சொன்னால் #N/A என்றுதான் சொல்லும். அப்படிச் சொல்வதுதான் சரி. ஒரு டம்ளர் எவ்வளவு கிராம் என்ற கேள்விக்கு, எந்தப் பொருள் என்று தெரியாமல் பதில் கிடையாது. ஒரே டம்ளரில் அரிசி நிற்கும் எடைக்கும் கேழ்வரகு மாவு நிற்கும் எடைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும்.

ஆகவே அளவுப் பட்டியலில் தேடும் சாவி இரண்டு சேர்ந்ததாக இருக்க வேண்டும்: பொருளின் குறியீடு, அலகு. A017|டம்ளர் என்றால் 165. கிலோ, கிராம் போன்ற எடை அலகுகள் எல்லாப் பொருளுக்கும் ஒன்றுதான் என்பதால் அவற்றைப் பொதுச் சாவியாக 0|கிலோ, 0|கிராம் என்று எழுதலாம். குறியீடு G2-இலும், அளவு B2-இலும், அலகு C2-இலும் இருந்தால்:

```
=B2*IFERROR(
 INDEX('அளவு'!B:B,MATCH(G2&"|"&C2,'அளவு'!A:A,0)),
 INDEX('அளவு'!B:B,MATCH("0|"&C2,'அளவு'!A:A,0)))
```

பொதுச் சாவியில் டம்ளரையோ கரண்டியையோ மறந்தும் சேர்க்கக்கூடாது. சேர்த்துவிட்டால், எடை போடாத பொருளுக்கும் ஏதோ ஓர் எண் வந்துவிடும். இரண்டு சாவியும் கிடைக்காதபோது வரும் #N/A-ஐ IFERROR போட்டுச் சுழியமாக்கும் பழக்கமும் வேண்டாம். கூட்டுத்தொகையே #N/A ஆனால் யாராவது வந்து பார்ப்பார்கள். சுழியமானால் அந்தப் பொருள் பானையில் விழவே இல்லை என்று கணக்கு முடிந்துவிடும்.

பட்டியலில் இடும் எண்களை இணையத்திலிருந்து எடுப்பதைவிட அந்தந்தச் சமையலறையில் நிறுத்துப் பார்ப்பதே மேல். படி என்பது ஊருக்கு ஊர் மாறிய அளவு, டம்ளரும் கடைக்குக் கடை மாறுகிறது. தலை தட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்று முதலில் முடிவு செய்து, அதே கையால் சில முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். காய்கறிக்கு ‘கிலோ, வாங்கியபடி’ என்று தனி அலகு வைத்து, தோலும் காம்பும் நீக்கியபின் நிற்கும் எடையை அதற்கு எதிரே எழுதினால் உண்ணத்தக்க பகுதி என்ற சிக்கலும் இங்கேயே தீர்ந்துவிடும்.

அளவுக் காலத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. அரை டம்ளர் என்பதை 1/2 என்று தட்டினால் எக்செல் அதைப் பிப்ரவரி 1 என்று புரிந்துகொள்ளும். அதற்குத் தேதி என்பது ஓர் எண். 2025-இல் தட்டியிருந்தால் 45689. அதை 170-ஆல் பெருக்கினால் பொங்கலுக்கு ஏழு டன்னுக்கு மேல் பருப்பு கேட்கும். 0.5 என்று தட்டுவதும், அளவு 100-ஐத் தாண்டக்கூடாது என்று டேட்டா வேலிடேஷனில் கட்டுப்பாடு வைப்பதும் இதைத் தடுக்கும். எடையைக் கிராமிலேயே தட்டுகிறவர்கள் இருந்தால் அந்த வரம்பை உயர்த்திக்கொள்ளலாம்.

எப்படிச் சோதிப்பது, எங்கே நிறுத்துவது

ஷீட்டை ஒருவரிடம் ஒப்படைக்கும் முன் விடை தெரிந்த சில வரிகளை அதன் அடியில் நிரந்தரமாக வைக்கலாம். வரகு 100 கிராம் என்ற வரியில் கால்சியம் 15-ஐ ஒட்டி வர வேண்டும். கேப்பை 100 கிராமில் 364 வர வேண்டும். சோளம் என்ற வரி ‘எது?’ என்றே கேட்க வேண்டும். யாராவது பட்டியலைத் திருத்தியபின் இந்த மூன்றில் ஒன்று மாறினால் எங்கோ கை தவறியிருக்கிறது என்று பொருள். இன்னொரு சோதனை எடை. பானையில் போட்ட பொருள்களை நிறுத்த எடையும் ஷீட் காட்டும் கிராம்களின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போக வேண்டும். அலகுப் பிழை எங்கே இருந்தாலும் இங்கே பிடிபடும். ஆனால் பெயர்ப் பிழை இதில் பிடிபடாது. அதற்குத் தாது எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் விடை ஓர் எல்லைக்கு உட்பட்டதுதான். அட்டவணையில் உள்ளவை நாடு முழுவதும் எடுத்த மாதிரிகளின் சராசரி. 1989 பதிப்பான பழைய நூலில் கேழ்வரகின் கால்சியம் 344 என்று இருந்தது, 2017-இல் 364 ஆனது. மண்ணும் ரகமும் மாறினால் எண்ணும் மாறும். வடித்த கஞ்சியோடு போவதையும் கொதிக்கும்போது குறைவதையும் இந்தச் சூத்திரம் கணக்கில் எடுப்பதில்லை. எனவே 87 மில்லிகிராம் என்ற விடையை 80-க்கும் 100-க்கும் இடையில் என்று வாசிப்பதே பொருத்தம். அதற்குப் பின் தசம இடங்களைக் காட்டுவதில் பயனில்லை.

பெயர்ப் பட்டியலையும் அளவுப் பட்டியலையும் யார் பராமரிப்பது என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் ஆயுள் இருக்கிறது. எக்செல் தெரிந்தவருக்குச் சூத்திரம் எழுத அரை நாள் போதும். ஆனால் வெள்ளைச்சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் உள்ள வேறுபாடும், அந்தச் சமையலறையின் கரண்டி எவ்வளவு கொள்ளும் என்பதும் சமைக்கிறவருக்குத்தான் தெரியும். இரண்டு பட்டியல்களும் அவர் கைக்கு எட்டும்படி, பூட்டில்லாத தனித் தாளாக இருக்க வேண்டும். பூட்ட வேண்டியது சூத்திரம் உள்ள செல்களை மட்டுமே.